பத்து வரிக்கு ஒரு 'ம்': நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே வாட்ஸப் பேச்சு — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிச்சயம் முடிந்து முகூர்த்த நாளுக்குக் காத்திருக்கும் மூன்று நான்கு மாதங்களில் இருவர் பழகுவது பெரும்பாலும் போனில்தான். அதில் ஒருவர் பத்தி பத்தியாக எழுதுபவராகவும் மற்றவர் ஒற்றைச் சொல்லில் முடிப்பவராகவும் அமைந்துவிட்டால் எழும் கேள்விகள் இங்கே உள்ளன. காதலர்களுக்கும் நெடுநாள் நண்பர்களுக்கும் இவற்றில் பாதிக்குமேல் பொருந்தும்.

நான் பத்து வரி எழுதுறேன். "ம்", "சரி", "ஓகே"ன்னு வருது. என்னைப் பிடிக்கலைன்னுதானே அர்த்தம்?

பதிலின் நீளத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. பாட்டி கதை சொல்லும்போது குழந்தைகள் 'உம்' கொட்டுவார்கள். உம் கொட்டினால்தான் கதை நகரும், நின்றுவிட்டால் தூங்கிவிட்டது என்று பாட்டியும் நிறுத்திவிடுவாள். போனில் பேசும்போதும் எதிர்முனையில் "ம்... ம்..." கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு "கேட்கிறேன், மேலே சொல்லு" என்று பொருள். சுருக்கமாக எழுதுபவர்களில் பலர் இந்த 'ம்'மைத்தான் அப்படியே தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், எழுத்தில் அது அதே வேலையைச் செய்வதில்லை. பேச்சில் உங்கள் குரலுக்கு அடியில் ஓடும் 'ம்', திரையில் தனிக் கட்டத்தில், தனி நேரத்துடன், உங்கள் பத்திக்கான முழுப் பதிலாக வந்து உட்கார்கிறது. அனுப்பியவர் "சொல்லு" என்கிறார். படிப்பவருக்கு "முடித்துக்கொள்" என்று விழுகிறது. 'அப்புறம்?' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். நேரில் அது ஆர்வம். சாட்டில் மூன்றாவது முறை வந்தால் "போனை வைக்கலாமா" என்பதன் நாகரிக வடிவமாகத் தெரியும்.

ஆகவே விருப்பம் உண்டா என்று பார்க்க வேறு மூன்று இடங்களைப் பாருங்கள். அவராக எப்போதாவது பேச்சைத் தொடங்குகிறாரா? நேரடியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறதா? நீங்கள் எழுதிய ஏதாவது ஒன்று, நாலு நாள் கழித்துப் பேச்சில் அவர் வாயிலிருந்து வருகிறதா? மூன்றாவதுதான் வலுவான சான்று. "உங்க மேனேஜர் லீவு குடுத்தாரா?" என்று ஒருவர் வியாழக்கிழமை கேட்டால், திங்கட்கிழமை அவர் அனுப்பிய 'ம்'முக்குப் பின்னால் படிப்பு நடந்திருக்கிறது.

சும்மா மனசுக்குத் தோணுறதை வைச்சு முடிவு பண்ணாம, சரியா எப்படிப் பார்க்கிறது?

கடைசி இரண்டு வாரச் சாட்டைத் திறந்து, நீங்கள் எழுதியவற்றில் நான்கு வரிக்கு மேல் உள்ள பத்து மெசேஜ்களை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மூன்று குறிப்பு போதும்: அதில் கேள்வி இருந்ததா, இருந்தால் எந்த இடத்தில் இருந்தது, அதற்கு விடை வந்ததா. பதிலின் நீளத்தை எழுதாதீர்கள். அது கண்ணை ஏமாற்றும்.

பெரும்பாலும் முதல் ஆச்சரியம் உங்களைப் பற்றியதாகவே இருக்கும். பத்தில் ஆறு ஏழு மெசேஜ்களில் கேள்வியே இருக்காது. நடந்ததைச் சொல்லியிருப்பீர்கள், அதற்கு என்ன பதில் வேண்டும் என்பது உங்கள் மனதில் மட்டும் இருந்திருக்கும். உரையாடலை ஆராய்ந்த இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் ஆகியோர் 1973-இல் எழுதிய கட்டுரையில் பேச்சின் அடிப்படை அலகாக இணைகளைக் காட்டினார்கள். கேள்வி வந்தால் விடை வர வேண்டும், வணக்கத்துக்கு வணக்கம், அழைப்புக்கு ஏற்பு அல்லது மறுப்பு. முதல் பாதி விழுந்துவிட்டால் இரண்டாம் பாதிக்கு இடம் காலியாக நிற்கும், அது வராமல் போனால் உடனே தெரியும். 'இன்னைக்கு ஆபீஸ்ல ஒரே தலைவலி' என்பது அப்படி ஒரு இடத்தைத் திறப்பதில்லை. எதிர்ப்பக்கம் இருப்பவர் என்ன சொல்வது என்று தெரியாமல் 'ஓ' போடுகிறார்.

கேள்வி இருந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் விடை வந்திருந்தால் இது எழுதும் பழக்கத்தில் உள்ள வேறுபாடு. தெளிவாகக் கேட்டும் தொடர்ந்து விடை வரவில்லை என்றால் பேச வேண்டியது வேறு, அதற்கான கேள்வி கீழே இருக்கிறது.

"அவங்க எனர்ஜிக்கு நீயும் மேட்ச் பண்ணு, ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் 'ம்' போட ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். பேசும் இருவர் ஒருவரையொருவர் நோக்கித் தங்கள் பேச்சைச் சரிசெய்துகொள்கிறார்கள் என்பதைச் சமூக உளவியலாளர் ஹோவர்ட் ஜைல்ஸ் 1970-களிலிருந்தே விளக்கி வந்தார். நெருங்க நினைப்பவர் வேகம், உச்சரிப்பு, சொல் எல்லாவற்றிலும் மற்றவர் பக்கம் சாய்வார். விலக நினைப்பவர் வேண்டுமென்றே வேறுபடுவார். பழிக்குப் பழியாகச் சுருக்குவது வெளியில் நெருங்குவதுபோல் இருந்தாலும் நோக்கத்தில் விலகுவதுதான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு அந்த நோக்கம் தெரியாது. அவருக்கு நிம்மதி. "அப்பாடா, இவங்களும் நம்ம மாதிரிதான்" என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் மூன்றாம் நாள் அவர் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் கொடுத்த தண்டனை போய்ச் சேரவே இல்லை, அதன் வலி மட்டும் உங்களிடம் தங்கிவிட்டது.

இன்னொரு வழியிலும் இது கெடும். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவது தம்பதிகளிடையே நன்றாக ஆராயப்பட்ட சுழல், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹெவியும் 1990-இல் இதைப் பற்றி எழுதினார்கள். பத்து வரி, பிறகு திடீரென மௌனம், பிறகு "நான் பேசலைன்னா உங்களுக்குக் கவலையே இல்லையா" என்று இருபது வரி. இந்த ஏற்ற இறக்கம் அந்தச் சுழலை வேகமாக்கும். சுருக்கமாக எழுதுபவர் அடுத்த நீள மெசேஜைப் பார்த்ததுமே "மறுபடியும் என்ன தப்பு பண்ணிட்டோம்" என்று பயந்து இன்னும் சுருங்குவார்.

செய்யக்கூடியது வேறு. உங்கள் நீளத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஒற்றைச் சொல்லுக்கு இறங்காதீர்கள். பத்து வரி எழுதுபவர் ஐந்து வரி, அதில் ஒரே ஒரு விஷயம். மற்றவர் ஒரு சொல்லிலிருந்து ஒரு வரிக்கு ஏறட்டும். இடையில் எங்காவது சந்தித்தால் போதும், இருவரும் ஒரே நீளத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நான் அஞ்சு விஷயம் எழுதினா கடைசி ஒண்ணுக்கு மட்டும் பதில் வருது. மத்ததை வேணும்னே தாண்டுறாரா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரே மூச்சில் பல கேள்விகள் கேட்கப்பட்டால், பதில் சொல்பவர் கடைசியில் இருப்பதை முதலில் எடுப்பார் என்று சாக்ஸ் காட்டியிருக்கிறார். கேள்வியும் பதிலும் ஒட்டி நிற்க விரும்பும். பேச்சில், முதல் விடைக்குப் பிறகு மற்றவற்றுக்கும் மெல்லப் போய்ச் சேர்வோம். சாட்டில் முதல் விடையோடு போன் பைக்குள் போய்விடுகிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பெண் திருச்சியில், பையன் பெங்களூரில். பெண் எழுதுகிறார்:

"இன்னைக்கு ஆபீஸ்ல ஒரே சண்டை, மேனேஜர் என் லீவை கேன்சல் பண்ணிட்டாரு, அழுகையே வந்துடுச்சு. அம்மா வேற காஞ்சிபுரம் போய்ப் புடவை எடுக்கிறது 12-ஆம் தேதியா 19-ஆம் தேதியான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பத்திரிகையில உங்க பேருக்குப் பின்னாடி பி.இ. போடணுமான்னு அப்பா கேட்டாரு, நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணுமாம். எனக்கென்னமோ பெங்களூரு வந்து எப்படி இருக்கப் போறேனோன்னு பயமாவும் இருக்கு. நீங்க சாப்டீங்களா?"

பதில்: "சாப்டேன். நீ?"

பெண்ணுக்கு இது கல். ஆனால் பையன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். மரியாதைக்கு ஒட்டவைத்த 'சாப்டீங்களா' கடைசியில் நின்று, மேலே இருந்த நான்கையும் விழுங்கிவிட்டது. அந்த நான்கில் இரண்டு கேள்விகள், அவற்றில் ஒன்றுக்கு நாளைவரைதான் கெடு. மீதி இரண்டும் வருத்தமும் பயமும். அவை கேள்வியாகவே வரவில்லை, பத்தியின் நடுவில் புதைந்துவிட்டன.

இதையே பிரித்தால் இப்படி வரும். அவசரமானது முதலில், தனியாக: "பத்திரிகை நாளைக்கு அச்சுக்குப் போகுது. உங்க பேருக்குப் பின்னாடி பி.இ. போடணுமா, வேண்டாமா?" இதற்கு 'போட வேண்டாம்' என்ற இரண்டு சொல்லே முழுமையான பதில். சுருக்கமாக எழுதுபவர் இங்கே தோற்க வழியே இல்லை. பதில் வந்தபின் அடுத்தது: "புடவை எடுக்க 12-ஆம் தேதி ஞாயிறா, 19-ஆம் தேதியா?" அவர் வீட்டிலிருந்து யார் யார் வருவார்கள் என்பதை இதோடு சேர்க்காதீர்கள், தேதி முடிவானதும் கேட்கலாம். ஆபீஸ் சண்டைக்கு மாலையில்: "லீவை கேன்சல் பண்ணிட்டாங்க, அழுகை வந்துடுச்சு. ஒன்பது மணிக்குப் பேசலாமா?" பெங்களூர் பயத்தை எழுதவே வேண்டாம். அது அந்த ஒன்பது மணிக்கு உரியது. எழுதினால் வரக்கூடிய மிக நல்ல பதிலும் "பயப்படாதே" என்பதாகத்தான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எச்சரிக்கை ஒன்று உண்டு. எல்லா மெசேஜும் இப்படியே ஆனால் சாட் கல்யாண மண்டபத்து மேனேஜரோடு பேசுவதுபோல் வறண்டுவிடும். நாளுக்கு ஒன்று கேள்வி இல்லாமல், காரணம் இல்லாமல் இருக்கட்டும். ஆனால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள்: "பதில் வேண்டாம், சொல்லணும்னு தோணிச்சு." இந்த ஒரு வரி இரண்டு பேரையும் காப்பாற்றும். அவருக்குப் பதில் தேடும் பாரம் இல்லை, உங்களுக்குக் காத்திருக்கும் பாரம் இல்லை.

பத்தியா அனுப்பாம, வரிக்கு ஒண்ணா பத்து மெசேஜ் தட்டி விட்டா?

மோசம். போன் பத்து முறை அதிரும், மீட்டிங்கில் இருப்பவர் சவுண்டை அணைத்துவிடுவார், பதில் கடைசி மெசேஜுக்குத்தான் வரும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், பதில் வேண்டிய மெசேஜை வலப்பக்கமாக இழுத்து, மேற்கோளாக எடுத்து, "இதுக்கு மட்டும்" என்று கேளுங்கள். பதில் எழுதுபவரும் இதையே செய்யலாம். எந்த வரிக்கு 'சரி' என்பது தெரிந்துவிட்டால் 'சரி' கூட அவ்வளவு குறைவாகத் தெரியாது.

நான்தான் அந்த ஒரு வார்த்தை ஆள். எனக்கு எழுத வராது. அவங்க அளவுக்கு எப்படி எழுதுறது?

அவர் அளவுக்கு எழுத வேண்டாம். ஒரு வரி போதும், ஆனால் அந்த வரிக்குள் அவருடைய மெசேஜிலிருந்து ஒரு சொல் இருக்க வேண்டும். 'ம்', 'சரி', 'ஓ அப்படியா' ஆகியவற்றின் குறை அவை சிறியவை என்பதல்ல. அவற்றை எந்த மெசேஜுக்கு அடியில் ஒட்டினாலும் பொருந்தும். படிக்காமலேகூட அனுப்பலாம். படித்தேன் என்பதை அவற்றால் காட்ட முடியாது.

மேலே உள்ள ஆபீஸ் சண்டைக்கு 'ஐயோ' என்று அனுப்புவதற்குப் பதில், "லீவை கேன்சல் பண்ணிட்டாரா? மூணு மாசம் முன்னாடியே கேட்டது ஆச்சே" என்று எழுதிப் பாருங்கள். எட்டுச் சொல்தான். லீவு என்ற சொல் அவரிடமிருந்து வந்தது, மூன்று மாதம் என்பது நீங்கள் நினைவில் வைத்திருந்தது. இதற்குமேல் எதுவும் தேவையில்லை. பதில் தோன்றவே இல்லை என்றால் அவர் சொன்னதிலிருந்து ஒன்றைப் பிடித்துக் கேள்வியாக்குங்கள்: "அப்புறம் மேனேஜர் என்ன சொன்னாரு?" வெறும் 'அப்புறம்?' என்பதோடு மேனேஜரைச் சேர்த்ததும் அது உயிர் பெற்றுவிடுகிறது பாருங்கள்.

நேரம் இல்லை என்றால் அதையும் எழுதலாம், மணியோடு: "படிச்சேன். கிளையண்ட் கால்ல இருக்கேன். ஒன்பது மணிக்கு நானே கூப்பிடறேன்." இதில் 'படிச்சேன்' முக்கியம், ஒன்பது மணி அதைவிட முக்கியம். 'அப்புறம் பேசறேன்' என்று மட்டும் எழுதினால் அவர் ஆறரையிலிருந்து காத்திருப்பார். மணியைச் சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் விடுவது எதுவுமே சொல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

2022-இலிருந்து வாட்ஸப்பில் ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்து இதயமோ சிரிப்போ வைக்க முடிகிறது. போட்டோவுக்கும், 'ஊர் வந்து சேர்ந்துட்டேன்' போன்ற தகவலுக்கும் அது நல்ல பதில். கேள்விக்கும் வருத்தத்துக்கும் அதை வைக்காதீர்கள். 12-ஆ 19-ஆ என்று கேட்டதற்குக் கட்டைவிரலைக் காட்டினால் புடவைக் கடையில் யார் நிற்பது?

'சரி.' அப்படின்னு புள்ளி வைச்சு அனுப்பினா கோபம்னு சொல்றாங்களே?

அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். போன் மெசேஜாகக் காட்டிய ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி இருந்தால், மனதாரச் சொன்னதல்ல என்று படித்தவர்கள் கருதினார்கள். அதே பதிலைக் கையெழுத்துக் குறிப்பாகக் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. அது ஆங்கிலத்தில் நடந்த சோதனை. தமிழில் ஆளைப் பொறுத்தது. எல்லா வரிக்கும் புள்ளி வைக்கும் ஆசிரியர் குடும்பத்துப் பிள்ளை 'சரி.' என்றால் அது இலக்கணம். ஒருபோதும் வைக்காதவர் ஒருநாள் வைத்தால் போனில் கூப்பிடுங்கள்.

டைப் பண்றதுதான் பிரச்சினைன்னா வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்ல?

பலருக்கு அதுவே தீர்வு. தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்வது எல்லோருக்கும் கைவந்ததில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவரும் நாலு வரிக்குமேல் போனால் சலித்துவிடுவார். நேரில் கலகலவென்று பேசும் ஒருவர் சாட்டில் 'ஓகே' ஆசாமியாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது விரலை, மனதை அல்ல. "எழுத வேண்டாம், பேசி அனுப்புங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

அளவு முக்கியம். ஒரு நிமிடத்துக்குள் ஒரு விஷயம். ஐந்து நிமிட வாய்ஸ் என்பது காதால் கேட்கும் நீளப் பத்திதான், அதைவிடக் கடினம். பத்தியைக் கண்ணால் தாவலாம், குரலைத் தாவ முடியாது. வேகத்தை ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆக்கிக் கேட்கலாம், ஆனால் அழுகையை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பது இருவருக்குமே அழகல்ல. கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கு இன்னொரு தடங்கல் உண்டு: ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அதைப் போட்டுக் கேட்க முடியாது, பதில் பேசவும் முடியாது. அப்படிப்பட்டவருக்கு மொட்டை மாடிக்குப் போகும் நேரம்வரை அவகாசம் கொடுங்கள்.

தேதி, தொகை, பெயர், முகவரி ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும், பின்னால் தேடி எடுக்கத் தோதாக. பயம், கோபம், மாமியார் சொன்ன ஒரு வார்த்தை போன்றவை குரலுக்கு. அழைத்துப் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று தயங்குபவர்களுக்கு: அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தைவிடக் குரலில் பேசியவர்கள் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள். முன்கூட்டிப் பயந்த அளவுக்குச் சங்கடமும் இருக்கவில்லை.

ப்ளூ டிக் வந்து மூணு மணி நேரம் ஆச்சு. படிச்சுட்டும் பதில் போடலைன்னா?

நீல டிக் சாட் திறக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். மிக நீளமான மெசேஜை வாட்ஸப் மடித்துக் காட்டும், மீதியைப் படிக்கத் தனியாக அழுத்த வேண்டும். உங்கள் முக்கிய வரி அந்த மடிப்புக்குக் கீழே இருந்திருக்கலாம். நீள மெசேஜுக்கு நியாயமான பதில் எழுத வேண்டும் என்று ஒத்திவைத்து, பிறகு மறந்துபோகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு ஒற்றைக் கேள்வியை மறுபடி அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் விடை வரும்.

இதை அவர்கிட்டயே சொல்லிடலாம்னு இருக்கேன். எப்படி எழுதுறது?

எழுதாதீர்கள். சுருக்கமாக எழுதுகிறாய் என்ற புகாரை இருபது வரியில் அனுப்புவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. எழுத்தில் தொனி நாம் நினைக்கும் அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை. மின்னஞ்சலை வைத்து ஜஸ்டின் க்ரூகரும் சகாக்களும் 2005-இல் காட்டியது இதைத்தான். எழுதுபவர் தன் குரலிலேயே அதைப் படிப்பார், பெறுபவருக்கு அந்தக் குரல் கேட்காது.

நல்ல மனநிலையில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், அழைப்பின் நடுவே, இவ்வளவு போதும்: "நான் நீளமா எழுதறது என் பழக்கம். எல்லாத்துக்கும் நீங்க பதில் எழுத வேண்டாம். கடைசியில ஒரு கேள்வி கேட்டிருந்தா அதுக்கு மட்டும் ஒரு வரி சொல்லுங்க." இதில் 'நீங்க ஏன்' என்ற தொடக்கம் இல்லை, கேட்பது ஒன்றே ஒன்று, அதைச் செய்தாரா இல்லையா என்று இருவருக்கும் தெரியும். 'இன்னும் கொஞ்சம் அக்கறையா பேசுங்க' என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, செய்தாரா என்று உங்களுக்கும் தெரியாது. இரண்டு வாரம் விடுங்கள். நடுவில் நினைவூட்டல், மதிப்பெண், "பாத்தீங்களா மறுபடி" எதுவும் வேண்டாம்.

சுருக்கமாக எழுதுபவரும் தன் பக்கத்தைச் சொல்லலாம்: "எனக்கு எழுத வராது, ஆனா எல்லாத்தையும் படிக்கிறேன். பேசணும்னா ராத்திரி ஒன்பதுக்கு நான் ஃப்ரீ." இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வழக்கு தள்ளுபடி.

இத்தனையும் செஞ்சு பார்த்தாச்சு. போன்லயும் அதே 'ம்'தான். இப்போ?

இப்போது தயக்கமில்லாமல் கவலைப்படலாம். தனி மெசேஜாகக் கேட்ட எளிய கேள்விக்கும் விடை இல்லை, கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறார், மண்டபம், புடவை, தேதி என எதிலும் அவருக்கென்று ஒரு கருத்தும் இல்லை, எல்லாவற்றுக்கும் 'உங்க இஷ்டம்' என்றால், அது எழுதும் பழக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று வீட்டில் சொல்ல முடியாதவர், அதை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய போனை வீட்டில் வேறு யாரோ பார்க்கிறார்கள் என்பதும் சாத்தியம். அப்போதும் பதில் இப்படித்தான் சுருங்கும்.

எழுதிக் கேட்காதீர்கள், பெற்றோர் வழியாகவும் கேட்காதீர்கள். இருவரும் வெளியில் ஓரிடத்தில் சந்திக்க ஏற்பாடு செய்துகொண்டு, அருகில் யாரும் இல்லாதபோது நேராகக் கேளுங்கள்: "இந்தக் கல்யாணத்துல உங்களுக்குச் சம்மதம்தானா? இல்லைன்னா சொல்லுங்க, நீங்க சொன்னதா வெளியில போகாது." அந்தக் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். நீளமாக எழுதுபவர்கள் பேச்சிலும் மௌனத்தை நிரப்பிவிடுவார்கள். பத்து நொடி காத்திருந்தால் வரக்கூடிய பதில், நீங்களே தொடர்ந்து பேசினால் மறுபடி 'ம்' ஆகிவிடும்.

அவங்க வீட்டு குடும்ப க்ரூப்ல நான் நீளமா எழுதலாமா?

அங்கே உங்கள் அளவு ஒரு வரி. க்ரூப்பில் பெரியவர்கள் கும்பிடும் கையைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைப் பதிலாக எண்ணி மனம் நோக வேண்டாம்.

திடீர்னு ஒரு நாள் அவரே பன்னிரண்டு வரி எழுதி அனுப்பியிருக்காரு. இப்போ நான் என்ன செய்யணும்?

பெரும்பாலானோர் செய்வது "அட! இன்னைக்கு மழைதான் வரப்போகுது" என்று கிண்டல் அடிப்பது. அன்பில் சொன்னதுதான். ஆனால் எழுதத் தயங்குபவர் வெளியே வைத்த கையை அது உள்ளே இழுக்க வைத்துவிடும். இன்னொரு தவறு, மகிழ்ச்சியில் முப்பது வரி திருப்பி எழுதுவது. அவர் முழுப் பலத்தையும் போட்டு எழுதியதற்கு மறுநொடியே மூன்று மடங்கு வந்தால், அடுத்த முறை எழுத யோசிப்பார். அவர் எழுதியதில் எந்த வரி அவருக்கு எழுதக் கடினமாக இருந்திருக்கும் என்று பாருங்கள். அந்த ஒன்றைத் தொட்டு மூன்று வரி எழுதுங்கள், ஒரு கேள்வியோடு. மீதியை ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.